புரொஜெக்டருக்கு எத்தனை லூமென் தேவை? திரையில் விழும் அறை வெளிச்சமே அதை முடிவு செய்கிறது

ஆலுவா: கேரள அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 8 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குரிய 45,000 வகுப்பறைகளில் மடிக்கணினியும் புரொஜெக்டரும் பொருத்தும் ஹைடெக் பள்ளித் திட்டம் 2018 ஜனவரியில் தொடங்கியது. மாநிலக் கல்வித்துறையின் 'கைட்' நிறுவனம் இதை நிறைவேற்றியது. 2020 அக்டோபர் 12-ஆம் தேதி, பொதுக்கல்வி முழுவதும் டிஜிட்டல் மயமான முதல் மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டபோது, பள்ளிகளுக்கு வழங்கப்பட்டிருந்த புரொஜெக்டர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 70,000 ஆகும்.

இவற்றில் பெரும்பாலானவை பகல் நேரத்தில், ஜன்னல்கள் உள்ள அறைகளில் இயங்குபவை. வீட்டுத் திரையரங்கிலோ இரவுக் கூட்டத்திலோ எழாத ஒரு சிக்கல் இங்கு எழுகிறது. கருவி நன்றாக வேலை செய்யும், விளக்கும் எரியும், ஆனால் திரையில் வரைபடம் வெளிறித் தெரியும், கடைசி வரிசை மாணவருக்கு எழுத்து புலப்படாது. "அதிக லூமென் உள்ள கருவி வாங்க வேண்டும்" என்ற முடிவுக்குப் பலரும் வருவது இந்த இடத்தில்தான். அந்த முடிவு சில நேரங்களில் சரி. பல நேரங்களில் வீண் செலவு. எது சரி என்பதைக் கண்டறிய ஓர் அளவுநாடாவும், வெளிச்சத்தை அளக்கும் ஒரு கருவியும், சிறிதளவு பெருக்கலும் போதும்.

லூமென் வேறு, லக்ஸ் வேறு

புரொஜெக்டரின் வில்லையிலிருந்து வெளியேறும் மொத்த ஒளியின் அளவே லூமென். ஒரு சதுர மீட்டர் பரப்பில் வந்து விழும் ஒளியின் அளவு லக்ஸ். ஒரு லூமென் ஒளி ஒரு சதுர மீட்டரில் சீராகப் பரவினால் அது ஒரு லக்ஸ். குழாயிலிருந்து வரும் நீரின் மொத்த அளவை லூமென் என்றும், அந்த நீர் பாத்தியில் எத்தனை விரற்கடை நிற்கிறது என்பதை லக்ஸ் என்றும் எண்ணிக்கொள்ளலாம். பாத்தி பெரிதானால் அதே நீர் மெலிந்து நிற்கும்.

ஆகவே கருவியின் பெட்டியில் அச்சிடப்பட்ட லூமெனை மட்டும் வைத்துக்கொண்டு படம் எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்று சொல்ல இயலாது. படத்தின் பரப்பும் தெரிய வேண்டும். 2 மீட்டர் அகலமும் 1.25 மீட்டர் உயரமும் உள்ள படத்தின் பரப்பு 2.5 சதுர மீட்டர். 3,000 லூமென் கருவி அதன்மேல் 1,200 லக்ஸ் ஒளியை வீழ்த்தும். அதே கருவியைப் பின்னுக்குத் தள்ளி வைத்துப் படத்தின் அகலத்தை 4 மீட்டராக்கினால் பரப்பு இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. ஒளி 300 லக்ஸாக இறங்கிவிடும். 'பெரிதாகத் தெரியட்டும்' என்று படத்தை விரிப்பவர்கள் பலர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

கண் ஒளியை உணரும் முறையையும் இங்கே சொல்ல வேண்டும். ஒளி இரு மடங்கானால் பிரகாசம் இரு மடங்காகத் தோன்றுவதில்லை. அதைவிட மிகக் குறைந்த ஏற்றமே கண்ணுக்குப் படும். 3,000 லூமென் கருவியையும் 3,500 லூமென் கருவியையும் அருகருகே வைக்காமல் வெவ்வேறு நாட்களில் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரிவதே அரிது. இந்த இடைவெளிக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பெரும் பயனில்லை.

கருப்பை வீழ்த்த எந்தக் கருவியாலும் இயலாது

புரொஜெக்டரால் ஒளியைச் சேர்க்க மட்டுமே முடியும், எடுக்க முடியாது. படத்தில் கருப்பாக இருக்க வேண்டிய இடத்தில் கருவி ஒளி அனுப்பாமல் இருக்கிறது, அவ்வளவே. அந்த இடத்தில் திரை எந்த நிறத்தில் தெரியும்? கருவியை அணைத்துவிட்டுப் பார்த்தால் திரை எப்படித் தெரிகிறதோ, அப்படித்தான். பகலில் வெண்சுவர் வெண்மையாகவே தெரியுமானால், அன்றைய படத்தின் 'கருப்பு' அந்த வெண்மையே. கருவியை வாங்கும் முன்பே அறைக்குள் சென்று சுவரைப் பார்த்து இதை அறிந்துகொள்ளலாம்.

ஆகவே படத்தின் தெளிவைத் தீர்மானிப்பது இரண்டு ஒளிகளுக்கு இடையிலான விகிதம். கருவியின் ஒளியும் அறையின் ஒளியும் சேர்ந்து விழும் வெள்ளைப் பகுதி ஒரு பக்கம். அறையின் ஒளி மட்டும் விழும் கருப்புப் பகுதி மறுபக்கம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைப்பதே அந்த அறையின் ஒளி வேறுபாட்டு விகிதம். பெட்டியின் மேல் 10,000-க்கு 1, 20,000-க்கு 1 என்றெல்லாம் அச்சிடப்படும் விகிதங்கள் இருட்டறையில் அளந்தவை. ஜன்னல் திறந்த வகுப்பறையில் அவற்றுக்குப் பொருளே இல்லை.

ஒலி-ஒளிக் கருவித் துறையினரின் பன்னாட்டு அமைப்பான இன்ஃபோகாம், 2011-இல் இதற்கென ஒரு தரநிலையை வகுத்தது. இன்று அந்த அமைப்பு அவிக்ஸா என்ற பெயரில் இயங்குகிறது. படத்தின் பொதுக் கருத்தை மட்டும் அறிந்துகொண்டால் போதும் என்ற நிலைக்கு 7-க்கு 1. திரையில் உள்ளதைப் படித்துப் புரிந்து முடிவெடுக்க 15-க்கு 1. பொறியியல் வரைபடம், மருத்துவப் படம் போன்றவற்றை நுணுகி ஆராய 50-க்கு 1. திரைப்படம் போன்ற இயங்கு படத்தை முழுமையாகப் பார்க்க 80-க்கு 1 என்பன அதன் குறைந்தபட்ச அளவுகள். பாடம் நடத்தும் அறைக்கு 15-க்கு 1 என்பதை இலக்காகக் கொள்வது பொருத்தம்.

ஒரு வகுப்பறைக் கணக்கு

ஆலுவாவிலோ பெரியாற்றங்கரையின் வேறு எந்த ஊரிலோ உள்ள ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 20 அடிக்கு 20 அடி அறை, ஒரு பக்கச் சுவரில் கம்பி போட்ட பெரிய ஜன்னல்கள், எதிர்ப்பக்கம் வராந்தா, முன்சுவரில் மேலே சொன்ன 2 மீட்டர் அகலத் திரை. காற்றும் வெளிச்சமும் தாராளமாக வர வேண்டும் என்றே கட்டப்பட்ட அறை அது. ஈரப்பதம் மிகுந்த கடலோர மாவட்டத்தில் அப்படிக் கட்டியது அறிவார்ந்த செயலே. ஆனால் திரையில் விழும் வெளிச்சத்தை அளந்தால் நல்ல பகலில் 300 லக்ஸ் இருப்பதில் வியப்பில்லை.

கருவி புதியது, பெட்டியில் சொன்னபடி 3,000 லூமென் தருகிறது என்று வைத்துக்கொண்டால், வெள்ளைப் பகுதியில் 1,200-உம் 300-உம் சேர்ந்து 1,500 லக்ஸ். கருப்புப் பகுதியில் 300 லக்ஸ். விகிதம் 5-க்கு 1. பொதுக் கருத்தை அறியும் அளவுக்குக்கூட இது எட்டவில்லை.

இந்த விகிதத்தில் கண்ணுக்கு எது தப்பும் என்பதையும் கணக்கிட முடியும். உயிரியல் பாடத்தில் ஒரு செல்லின் படம். அதன் இருண்ட பகுதியில் வெள்ளையின் 2 விழுக்காடு அளவே ஒளியுள்ள ஒரு மெல்லிய அமைப்பு. கருவி அந்த இடத்துக்கு அனுப்புவது 24 லக்ஸ். அருகிலுள்ள கருப்பு 300, இது 324. வேறுபாடு 8 விழுக்காடு. பின் வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு அது இல்லாததற்குச் சமம். சூழல் ஒளியை 40 லக்ஸாகக் குறைத்தால் கருப்பு 40, அந்த அமைப்பு 64. இப்போது வேறுபாடு 60 விழுக்காடு, யாருக்கும் தெரியும். இரண்டு நிலையிலும் கருவி ஒன்றே, அது அனுப்பிய ஒளியும் ஒன்றே.

எனவே தேவையான லூமெனைக் கண்டறியும் வழி எளியது. வேண்டிய விகிதத்திலிருந்து ஒன்றைக் கழித்து, அதைத் திரையில் விழும் சூழல் ஒளியின் லக்ஸால் பெருக்கி, மீண்டும் படத்தின் பரப்பால் பெருக்க வேண்டும். மேற்சொன்ன அறையில் 15-க்கு 1 வேண்டுமானால் 14 × 300 × 2.5, அதாவது 10,500 லூமென். இது வகுப்பறைக்குரிய கருவியன்று. பெரிய அரங்குகளுக்கு வாங்கப்படுவது. சூழல் ஒளி 80 லக்ஸாக இறங்கினால் தேவை 2,800 லூமென். 60 லக்ஸ் என்றால் 2,100. திரையில் விழும் வெளிச்சத்தை ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால் தேவைப்படும் லூமெனும் அதே ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. ஐந்து மடங்கு ஒளியுள்ள கருவியின் விலையையும் இரண்டு ஜன்னல்களுக்கான தடித்த திரைச்சீலையின் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு வேறு ஆலோசனை தேவையில்லை.

இருட்டாக வேண்டியது திரை மட்டுமே

இங்கு ஓர் எதிர்ப்பு நியாயமாகவே எழும். அறையை இருட்டாக்கினால் மாணவர் குறிப்பெடுப்பது எப்படி? பதில், அறையை இருட்டாக்க வேண்டியதில்லை. திரையில் விழும் ஒளியை மட்டும் குறைத்தால் போதும் என்பதே. மேசையில் 200 லக்ஸும் திரையில் 60 லக்ஸும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் இருக்க முடியும்.

முதலில் பார்க்க வேண்டியது கரும்பலகைக்கு மேலே பொருத்தப்பட்ட டியூப் லைட்டை. பலகையில் எழுதுவது தெரிவதற்காக வைக்கப்பட்ட அந்த விளக்கு, தன் ஒளி முழுவதையும் இப்போது திரையின்மேல் கொட்டுகிறது. அதை அணைக்க எண்ணினால், பல அறைகளில் எல்லா விளக்குகளும் ஒரே சுவிட்சில் இணைந்திருக்கும். ஒன்றை அணைத்தால் அறையே இருளும். முன் விளக்குக்குத் தனி சுவிட்ச் அமைக்க மின்பணியாளருக்கு அரைநாள் வேலை. ஒளியைப் பொறுத்தவரை, புதிய கருவியைவிட இது அதிகப் பயன் தரக்கூடும்.

அடுத்தது திரைக்கு மிக அருகில் உள்ள ஜன்னல். பக்கச் சுவரில் மூன்று ஜன்னல்கள் இருந்தால் அவை மூன்றும் திரைக்குச் சமமான தீங்கு செய்வதில்லை. முன்சுவரை ஒட்டியிருப்பதை மூடினாலே பெரும்பகுதி ஒளி விலகும். பின்னாலுள்ளவை திறந்திருந்தால் மாணவருக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கும். பின்சுவரில் ஜன்னல் இருந்தால் நிலைமை வேறு. அது திரையை நேருக்கு நேர் பார்ப்பதால் எத்தனை தொலைவில் இருந்தாலும் மறைக்கப்பட வேண்டியதே. திரையை ஜன்னல் உள்ள சுவரிலேயே மாட்டுவதும் தீர்வாகாது. திரையில் ஒளி குறையும் என்றாலும் மாணவரின் கண்ணில் வெளி வெளிச்சம் நேராகப் பட்டு, படத்தின் இருண்ட பகுதிகளை அவர்களால் பிரித்தறிய முடியாமல் போகும்.

மெல்லிய வெள்ளைத் திரைச்சீலை இதற்கு உதவாது. வெயில் பட்டால் அதுவே ஒரு பெரிய விளக்காகி அறை முழுவதும் ஒளியைப் பரப்பும். உட்புறம் வெளிர்நிறமாக இருந்தாலும், நெசவு அடர்ந்து ஒளியை மறைக்கும் துணியே தேவை.

படத்தை வீழ்த்தும் பரப்பும் கவனத்துக்குரியது. பேனாவால் எழுதி அழிக்கும் பளபளப்பான வெண்பலகையின் மேல் படம் வீழ்த்தினால், கருவியின் ஒளி ஓரிடத்தில் கண்ணைக் கூசச்செய்யும் பொட்டாகத் தெரியும். ஜன்னலும் அதில் பிரதிபலிக்கும். மங்கலான வெள்ளைப் பூச்சுள்ள சுவரே அதைவிட மேல். சந்தையில் சாம்பல் நிறத் திரைகளும் கிடைக்கின்றன. அவற்றுள் சில, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வரும் ஒளியை விழுங்கி, கருவியின் திசையிலிருந்து வரும் ஒளியை மட்டும் பார்வையாளரை நோக்கித் திருப்பும் நுண்ணமைப்பு உடையவை. விளக்கை அணைக்கவே முடியாத இடங்களுக்கு அவை பயன்படும். ஆனால் ஓரத்தில் அமர்ந்திருப்பவருக்குப் படம் மங்கும் என்பதால், அகன்று அமரும் வகுப்பறைக்கு யோசித்தே வாங்க வேண்டும்.

பெட்டியில் உள்ள எண்ணை நம்பலாமா?

மேற்கண்ட கணக்கில் 3,000 லூமென் என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டோம். நடைமுறையில் அது குறைந்தே இருக்கும்.

லூமெனை அளக்கும் முறையை 1992-இல் அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம் வகுத்தது. 'ஆன்சி லூமென்' என்ற பெயர் அதிலிருந்து வந்ததே. இன்று பன்னாட்டு அளவில் பின்பற்றப்படுவது ஐ.எஸ்.ஓ. 21118 என்ற தரநிலை. இரண்டிலும் அடிப்படை ஒன்றே. முழு வெள்ளைப் படத்தை ஒன்பது சமக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் லக்ஸை அளந்து, சராசரியைப் பரப்பால் பெருக்குவது. பெயர்பெற்ற நிறுவனங்களின் எண்கள் பெரும்பாலும் இந்த முறையில் வந்தவை. ஆனால் ஐ.எஸ்.ஓ. தரநிலையின்படியும், தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் ஒரு தனிக் கருவி குறிப்பிட்ட அளவில் 80 விழுக்காடு தந்தாலே போதும்.

இணையச் சந்தையில் மலிவாக விற்கும் சிறு கருவிகளின் கதை வேறு. அவற்றின்மேல் 'லூமென்' என்றோ 'எல்.இ.டி. லூமென்' என்றோ மட்டும் எழுதி, அருகில் 8,000, 12,000 என்று எண் போட்டிருக்கும். உள்ளே உள்ள விளக்கின் ஒளியைக் குறிப்பதாகச் சிலர் விளக்கம் சொல்வதுண்டு. பல நேரங்களில் அந்த விளக்கமும் இருக்காது. கருவியின் மின்நுகர்வைப் பார்த்தால் ஐயம் தீரும். 60 வாட் மின்சாரத்தில் இயங்கும் ஒரு கருவி 8,000 லூமென் தருவதாகச் சொன்னால் அது நடவாத காரியம். மின்சாரத்தை ஒளியாக்குவதில் ஓர் இழப்பு, படத்தை உருவாக்கும் சில்லுக்குள் செல்லும்போது இன்னோர் இழப்பு, வில்லையைக் கடக்கையில் மற்றோர் இழப்பு என்று போக, அத்தகைய கருவி சில நூறு லூமெனுக்கு மேல் தருவது கடினம்.

உண்மையில் நல்ல கருவியும் காலப்போக்கில் மங்கும். விளக்கு வகைக் கருவிகளில் 'விளக்கின் ஆயுள்' என்று குறிக்கப்படும் மணிக்கணக்கு, விளக்கு அணைந்துபோகும் நேரமன்று. ஒளி பாதியாகக் குறையும் நேரம். லேசர் வகைக்குச் சொல்லப்படும் 20,000 மணி நேரத்துக்கும் பெரும்பாலும் பொருள் இதுவே. சிக்கன முறையில் இயக்கினால் ஒளி மேலும் குறையும். தூசு வடிகட்டி அடைத்திருந்தாலும், சாய்ந்து விழும் படத்தை நேராக்கும் கீஸ்டோன் வசதியைப் பயன்படுத்தினாலும் இழப்பு உண்டு.

எனவே பள்ளியோ நூலகமோ தன்னிடமுள்ள கருவியைத் தானே அளந்து பார்ப்பது நல்லது. மாலையில் அறையை இருட்டாக்கி, வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் காட்டி, ஒன்பது கட்டங்களிலும் லக்ஸ் அளவியைத் திரையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். அதன் கண் கருவியை நோக்கியிருக்க வேண்டும். பிடிப்பவரின் நிழல் படக்கூடாது. அளவீடுகள் 820, 900, 810, 880, 1,010, 890, 790, 870, 800 என்று வந்ததாகக் கொள்வோம். சராசரி ஏறத்தாழ 863 லக்ஸ். 2.5 சதுர மீட்டரால் பெருக்கினால் 2,158 லூமென். பெட்டியில் 3,000 என்று இருந்த கருவி சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் தருவது இவ்வளவுதான். நடுவில் 1,010-உம் மூலையில் 790-உம் இருப்பது குறையன்று; எல்லாக் கருவிகளிலும் ஓரம் சற்று மங்கும்.

இந்த எண்ணை வைத்துப் பின்னோக்கியும் கணக்கிடலாம். 863-ஐ 14-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 62. அதாவது திரையில் விழும் சூழல் ஒளியை 60 லக்ஸுக்குக் கீழே கொண்டுவந்தால் இந்தப் பழைய கருவியே 15-க்கு 1 தரும். திரைச்சீலை இட்டு, முன் விளக்கை அணைத்து, மீண்டும் அளந்து, 60-க்குக் கீழே வந்துவிட்டால் புதிய கருவி தேவையில்லை. எல்லாம் செய்தும் 150-இல் நின்றுவிட்டால் அப்போது தேவை 14 × 150 × 2.5, அதாவது 5,250 லூமென். வாங்குவதா, திரையைச் சிறிதாக்குவதா என்று அதன்பிறகு முடிவெடுக்கலாம்.

சூழல் ஒளியை அளக்கும்போது கருவியை முற்றிலும் அணைத்திருக்க வேண்டும். கருப்புப் படம் காட்டினால் போதாது. தனி அளவி இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு செல்பேசியின் லக்ஸ் செயலியைப் பயன்படுத்தலாம். ஒளியுணரி செல்பேசியின் முன்பக்கத்தில், காதில் வைத்துப் பேசும் இடத்துக்கு அருகே இருப்பதால், பின்பக்கத்தைத் திரையில் ஒட்டி முன்பக்கம் அறையைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். கருவிக்குக் கருவி அளவு மாறக்கூடும் என்றாலும், கருவி ஒளியையும் சூழல் ஒளியையும் ஒரே செல்பேசியால் அளந்தால் விகிதம் பெரிதும் பிழைக்காது.

இன்னொரு சோதனையும் உண்டு. சில கருவிகளில் சுழலும் வண்ணச் சக்கரத்தில் நிறமற்ற ஒரு பகுதி சேர்க்கப்பட்டிருக்கும். வெள்ளை மட்டும் மிகுந்த ஒளியுடன் தெரியவும், பெட்டியில் பெரிய எண் எழுதவும் அது உதவும், வண்ணங்களோ மங்கியிருக்கும். முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டி லக்ஸை அளந்து கூட்டினால், அது வெள்ளையின் லக்ஸுக்கு ஏறக்குறையச் சமமாக வர வேண்டும். பாதியளவே வந்தால், நிலவரைபடமும் உயிரியல் படமும் காட்டுவதற்கு அந்தக் கருவியின் லூமெனைப் பாதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மட்டாஞ்சேரியின் இருட்டறைகள்

ஆலுவாவுக்குத் தெற்கே, கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரியும் போர்ட் கொச்சியும் இதற்கு நேர்மாறான நிலையைக் காட்டுகின்றன. 2012 டிசம்பர் 12-ஆம் தேதி தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே கலைக் கண்காட்சி, ஆஸ்பின்வால் ஹவுஸ் உள்ளிட்ட பழைய வணிகக் கட்டடங்களையும் கிடங்குகளையும் காட்சிக்கூடங்களாக மாற்றியது. மிளகும் பிற சரக்கும் வைத்திருந்த இத்தகைய கிடங்குகளில் தடித்த சுவரும் சிறு திறப்புகளுமே இருக்கும். வாயிலில் கருந்துணி தொங்கவிட்டால் பட்டப்பகலிலும் உள்ளே சில லக்ஸே இருக்கும். காணொளிக் கலைப்படைப்புகளுக்கு அது வாய்ப்பான இடம்.

அத்தகைய அறையில் சூழல் ஒளி 2 லக்ஸ் என்றால், 80-க்கு 1 விகிதத்துக்குச் சதுர மீட்டருக்கு 158 லூமெனே போதும். திரையரங்குகளின் கதையும் இதுவே. திரையின் நடுவில் வெள்ளையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 48 கேண்டலா இருக்க வேண்டும் என்பது திரைப்படத் துறையின் நெடுநாள் அளவு. மங்கலான வெள்ளைத் திரையில் அது ஏறத்தாழ 150 லக்ஸுக்குச் சமம். பகல் வகுப்பறையில் அணைந்த திரையின்மேல் விழும் 300 லக்ஸில் இது பாதி. பல கோடி ரூபாயில் எடுக்கப்பட்ட படத்தின் மிகப் பிரகாசமான வெள்ளையும், வகுப்பறையின் 'கருப்பை'விட மங்கலானதே. திரையரங்கு நமக்குப் பிரகாசமாகத் தோன்றுவது அங்கு இருட்டு இருப்பதால்தான்.

இருட்டறையில் மிகைவெளிச்சமும் ஒரு குறை. 2 மீட்டர் அகலப் படத்தில் 1,200 லக்ஸ் என்பது திரையரங்கைப்போல் எட்டு மடங்கு. அரைமணி நேரத்தில் கண் களைக்கும். இருட்டடிப்பு நன்றாக உள்ள அறையில் கருவியைச் சிக்கன முறையில் இயக்குவதே சரி. விளக்கும் நீடிக்கும், மின்விசிறியின் இரைச்சலும் குறையும்.

மாலை 3.30 மணி ஆட்டமும் இரவு 9.30 மணி ஆட்டமும்

சூழல் ஒளியின் ஆற்றலை ஒரே வாரத்தில் கேரளம் முழுவதும் கண்ட காலம் ஒன்று உண்டு. 2022 கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்தின் தொடக்கச் சுற்று ஆட்டங்கள் இந்திய நேரப்படி மாலை 3.30, 6.30, இரவு 9.30, 12.30 மணிகளுக்கு நடைபெற்றன. கேரளத்தில் மிகுந்த ரசிகர்களைக் கொண்ட அர்ஜென்டினா, சவூதி அரேபியாவிடம் 1-2 என்று தோற்ற நவம்பர் 22-ஆம் தேதி ஆட்டம் 3.30 மணிக்குரியது.

தெருவோரத்தில் 4 மீட்டர் அகலமும் 2.25 மீட்டர் உயரமும் உள்ள வெள்ளைத் துணி கட்டி, 4,000 லூமென் கருவி வைத்ததாகக் கொள்வோம். பரப்பு 9 சதுர மீட்டர். கருவி தருவது 444 லக்ஸ். 3.30 மணிக்குப் பந்தல் நிழலிலும் திரையில் 2,000 லக்ஸ் விழலாம். திறந்த வெளி நிழலில் அது இன்னும் பல மடங்கு. 2,444-ஐ 2,000-ஆல் வகுத்தால் 1.2. திரையில் ஏதோ அசைகிறது என்பது தெரியும், பந்து தெரியாது. 7-க்கு 1 வேண்டுமானாலும் 1,08,000 லூமென் தேவை. வாடகைக்குக் கிடைக்கும் எந்தக் கருவியும் அதைத் தராது. பகல் ஆட்டங்களுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி அல்லது எல்.இ.டி. சுவர் என்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதே துணி, அதே கருவி, இரவு 9.30 மணி. தெருவிளக்கு ஒன்றிலிருந்து 10 லக்ஸ் விழுகிறது. 454-ஐ 10-ஆல் வகுத்தால் 45-க்கு 1. ஆட்டம் நன்றாகத் தெரியும். அந்த ஒரு தெருவிளக்கின் ஒளி திரையில் படாதபடி துணியைத் திருப்பிக் கட்டினாலோ, பக்கவாட்டில் ஒரு தட்டி மறைத்தாலோ 80-க்கு 1-ஐயும் கடக்கலாம். 6.30 மணி ஆட்டம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாகத் தோன்றினாலும் உண்மையில் இரவுப் பக்கமே சேரும். நவம்பர் இறுதியில் கொச்சியில் சூரியன் மாலை 6 மணியளவில் மறைகிறது. அரைமணி நேரத்தில் வானின் ஒளி சில லக்ஸாக இறங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் மறைவு அரைமணிக்கு மேல் தள்ளிப்போவதால், கோடைவிடுமுறையில் திறந்தவெளித் திரையிடல் நடத்துவோர் 6.30 மணி என்று அழைப்பிதழ் அச்சடிப்பதைத் தவிர்த்து, 7.15-க்குப் பின் தொடங்குவது நல்லது.